விதைநெல்லை அடகு வைக்கலாமா? முதலீட்டுப் பணமும் டிரேடிங் பணமும் ஒரே கணக்கில் இருந்தால்...

"ஏங்க, பொண்ணு காலேஜுக்குன்னு வாங்கி வெச்ச ஃபண்டை வித்துட்டாங்கன்னு மெசேஜ் வந்திருக்கு. நீங்களா வித்தீங்க?"

"நான் எங்கம்மா வித்தேன்? புரோக்கர் வித்திருக்கான்."

ஈரோட்டில் ஒரு வீட்டில் காலை ஒன்பதரை மணிக்கு இந்தப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் கற்பனைதான். ஆனால், அந்த வீட்டில் பணம் போன வழி கற்பனை இல்லை. டீமேட் கணக்கு வைத்திருக்கும் யார் வீட்டிலும் அதே வழியில், அதே வரிசையில் நடக்கக்கூடியது.

கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. மாதம் 20,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். மகள் எட்டாம் வகுப்பு. அவசரச் செலவுக்கு என்று ஆறு மாதச் செலவுப் பணம் வங்கியில் தனியாக இருக்கிறது. அதை விட்டுவிட்டால், அவர்களின் சேமிப்பு 9 லட்சம். நிஃப்டி இடிஎஃப் யூனிட்டுகளில் 4 லட்சம், சில நல்ல நிறுவனப் பங்குகளில் 1.4 லட்சம், வங்கி டெபாசிட்டில் 3.6 லட்சம். இந்த வருடம் போனஸாக 1 லட்சம் வந்தது. "இதை மட்டும் டிரேடிங் பண்ணிப் பார்க்கறேன், போனா போகட்டும்" என்றார் கணவர். மனைவியும் சரி என்றார்.

போனால் போகட்டும் என்று ஒதுக்கியது 1 லட்சம். போனது 1 லட்சத்து 16 ஆயிரம். எப்படி?

மூன்று படியில் இறங்கிய கதை

முதல் படி. 500 ரூபாய் விலையில் ஒரு பங்கை 200 எண்ணிக்கை வாங்கினார். மொத்த 1 லட்சமும் ஒரே பங்கில். "ரெண்டு நாள்ல 520 போகும், வித்துடலாம்" என்பது திட்டம். பங்கு 460-க்கு இறங்கியது. விற்க மனம் வரவில்லை. "நல்ல கம்பெனிதானே, நீண்டகால முதலீடா வெச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டார். இரண்டு நாள் டிரேடாக வாங்கியது, நஷ்டம் வந்ததும் நீண்டகால முதலீடாகப் பெயர் மாறிவிட்டது.

இரண்டாவது படி. பங்கு 380-க்கு வந்தது. சராசரி விலையைக் குறைக்கலாம் என்று இன்னும் 200 பங்குகள் வாங்கினார். அதற்கு 76,000 ரூபாய். போனஸ் பணம் தீர்ந்துவிட்டதால் டெபாசிட்டிலிருந்து எடுத்தார். பங்கு 300 வரை போனது. 1,76,000 ரூபாய்க்கு வாங்கியது இப்போது 1,20,000 ரூபாய். நஷ்டம் 56,000.

மூன்றாவது படிதான் மோசமானது. விட்டதைப் பிடிக்க ஃப்யூச்சர்ஸ் பக்கம் போனார். மார்ஜினுக்குக் கையில் பணம் இல்லை. செயலியில் 'பிளெட்ஜ்' என்று ஒரு வசதி இருந்தது. இடிஎஃப் யூனிட்டுகளை அடகு வைத்தால், அவற்றின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியை மார்ஜினாகத் தருவார்கள். விற்க வேண்டாம், யூனிட்டுகள் அவர் பெயரிலேயே இருக்கும். ஓடிபி ஒன்றைப் போட்டார். முடிந்தது. நிஃப்டி ஏறும் என்று ஒரு லாட் வாங்கினார். அதன் மொத்த மதிப்பு 15 லட்ச ரூபாய். இரண்டு நாளில் நிஃப்டி 4 சதவிகிதம் இறங்கியது. நஷ்டம் 60,000.

ஃப்யூச்சர்ஸில் அன்றன்றைய நஷ்டத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். அடகு வைத்த யூனிட்டுகளைக் காட்டி அதைச் சமாளிக்க முடியாது. அவர் கட்டவில்லை. புரோக்கர் அடகில் இருந்த யூனிட்டுகளை விற்று எடுத்துக்கொண்டார். அந்தச் செய்திதான் காலையில் மனைவியின் போனுக்கு வந்தது.

விதைநெல்லையும் சமையலுக்கான நெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. பசிக்கிற நாளில் எது விதைநெல் என்று கை பார்க்காது.

ஒரே சரிவு, இரண்டு எதிரெதிர் முடிவுகள்

இரண்டு பணத்தையும் ஏன் பிரிக்க வேண்டும்? ஒழுக்கத்துக்காக மட்டும் அல்ல. விலை இறங்கும்போது இரண்டும் செய்ய வேண்டிய காரியம் நேர் எதிரானது.

டிரேடிங் பணத்தில் வாங்கிய பங்கு, நினைத்த திசையில் போகாவிட்டால் விற்றுவிட்டு வெளியே வர வேண்டும். அங்கே காத்திருப்பதுதான் தவறு. 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாயைத் தொட்ட யெஸ் பேங்க் பங்கு, 2020 மார்ச்சில் 20 ரூபாய்க்கும் கீழே வந்தது. 350-லும் 250-லும் 'கொஞ்சம் பொறுப்போம்' என்று நினைத்த டிரேடர்களுக்குப் பொறுமையே நஷ்டமானது.

நீண்டகாலப் பணத்தில் கதை வேறு. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-ம் தேதிக்குள் நிஃப்டி சுமார் 38 சதவிகிதம் விழுந்தது. டிரேடரின் விதியை வைத்து அப்போது இண்டெக்ஸ் ஃபண்டை விற்றவர்கள் அடிமட்டத்தில் விற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

ஈரோட்டுக் குடும்பத்தின் 9 லட்சத்தை அந்த மார்ச் மாதத்தில் வைத்துப் பார்ப்போம். ஈக்விட்டியில் இருந்த 5.4 லட்சம், ஏறக்குறைய 3.35 லட்சமாகியிருக்கும். டெபாசிட் 3.6 லட்சம் அப்படியே இருக்கும். 60 சதவிகிதமாக இருந்த ஈக்விட்டியின் பங்கு, மொத்தத்தில் 48 சதவிகிதமாகக் குறைந்திருக்கும். 'ஈக்விட்டி 50 சதவிகிதத்துக்குக் கீழே போனால் டெபாசிட்டிலிருந்து எடுத்து மறுபடி 60-க்குக் கொண்டுவர வேண்டும்' என்று முன்பே எழுதி வைத்திருந்தால், அந்த நேரத்தில் விதி சொல்வது 'வாங்கு' என்பதுதான்.

ஆக, சரிவு ஒன்றுதான். ஒரு பெட்டிக்கு அது 'விற்று வெளியே வா', இன்னொரு பெட்டிக்கு 'வாங்கு'. எந்தப் பணம் எந்தப் பெட்டி என்று முன்கூட்டியே முடிவாகாவிட்டால், அன்றைக்கு எந்த விதி மனதுக்கு இதமாக இருக்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்வோம். டிரேடிங் பங்கை விற்காமல் வைத்திருப்போம், முதலீட்டு ஃபண்டைப் பயந்து விற்போம். இரண்டுமே தலைகீழ்.

டிரேடிங் பெட்டிக்கு மூன்று எல்லைகள்

பெட்டியின் அளவு முதலில். முழுவதும் போனாலும் சில மாதச் சேமிப்பில் திரும்பச் சேர்த்துவிடக்கூடிய தொகையாக இருக்க வேண்டும். மாதம் 20,000 மிச்சம் பிடிக்கும் வீட்டுக்கு 1 லட்சம் என்பது ஐந்து மாதச் சேமிப்பு. சரியான அளவுதான். கணவர் தவறு செய்தது அளவில் இல்லை, எல்லை வைக்காததில்.

முதல் எல்லை, ஒரு டிரேடுக்கு. பெட்டியில் உள்ளதில் 1 சதவிகிதத்துக்கு மேல் ஒரு டிரேடில் இழக்கக் கூடாது. 1 லட்சத்துக்கு அது 1,000 ரூபாய். 1,000 ரூபாய்க்கு மட்டும்தான் பங்கு வாங்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 500 ரூபாய்ப் பங்கை வாங்கி, 480-க்கு வந்தால் விற்றுவிடுவது என்று முடிவு செய்தால், ஒரு பங்குக்கு நஷ்டம் 20 ரூபாய். 1,000-ஐ 20-ஆல் வகுத்தால் 50. ஆக, 50 பங்குகள், 25,000 ரூபாய்க்கு வாங்கலாம். கணவர் இப்படி வாங்கியிருந்தால் அந்தப் பங்கில் போயிருக்கக்கூடியது சுமார் 1,000 ரூபாய். போனதோ 56,000.

ஏன் 1 சதவிகிதம்? தொடர்ந்து பத்து டிரேடுகள் தவறிப்போவது யாருக்கும் நடக்கும். ஒவ்வொன்றிலும் 1 சதவிகிதம் போனால், பத்தாவது முடிவில் 90,000 ரூபாய்க்கு மேல் கையில் இருக்கும். ஒவ்வொன்றிலும் 10 சதவிகிதம் போனால் 35,000-க்கும் கீழே வந்துவிடும். அதிலிருந்து பழைய நிலைக்கு வரப் பணம் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வேண்டும்.

இரண்டாவது எல்லை, ஒரு மாதத்துக்கு. மாதத்தில் 5,000 ரூபாய் போனால், அந்த மாதம் முடியும் வரை டிரேடிங் இல்லை. விட்டதை அன்றே பிடிக்கத் தோன்றும் வேகத்துக்கான தடுப்பு இது.

மூன்றாவது எல்லை, பெட்டிக்கே. 1 லட்சம் 80,000 ஆனால் கடையைச் சாத்திவிட வேண்டும். குறைந்தது ஆறு மாதம். 20,000 ரூபாய் நஷ்டம் என்பது, குடும்பத்தின் மொத்தம் 10 லட்சத்தில் 2 சதவிகிதம். இதுதான் பிரித்து வைப்பதன் பலன். டிரேடிங் பெட்டிக்கு அது பெரிய தோல்வி, குடும்பத்துக்குச் சின்னக் கீறல்.

ஸ்டாப்லாஸ் போட்டுவிட்டால் எல்லை நிச்சயம் என்று நினைத்துவிட வேண்டாம். 480-க்கு ஸ்டாப்லாஸ் போட்ட பங்கு, ராத்திரி வந்த ஒரு கெட்ட செய்தியால் மறுநாள் காலை 460-ல் தொடங்கலாம். அப்போது 1,000 ரூபாய் நஷ்டம் 2,000 ஆகும். பங்கு லோயர் சர்க்யூட்டில் சிக்கினால் வாங்க ஆளே இருக்காது, விற்கவே முடியாது. அதனால்தான் ஒரு டிரேடுக்கு 1 சதவிகிதம் என்று கையை அடக்கி வைப்பது. எல்லை சில நாள் இரட்டிப்பானாலும் தாங்கும்.

எல்லையே சொல்லிவிடும், எதைத் தொடக் கூடாது என்று

இந்தக் கணக்கு இன்னொரு வேலையும் செய்யும். 2024 நவம்பரிலிருந்து, புதிதாக வரும் இண்டெக்ஸ் ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்ச ரூபாயாக இருக்க வேண்டும் என்று செபி விதியை மாற்றியது. 15 லட்ச ரூபாய் ஃப்யூச்சர்ஸில் 1 சதவிகித அசைவு என்பது 15,000 ரூபாய். நம்முடைய எல்லை 1,000. அதாவது, நிஃப்டி 1 சதவிகிதத்தில் பதினைந்தில் ஒரு பங்கு அசைந்தாலே எல்லை முடிந்துவிடும். சந்தை அதைவிட அதிகமாகச் சில நிமிடங்களில் அசையும். தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4-ம் தேதி, நிஃப்டி ஒரே நாளில் சுமார் 6 சதவிகிதம் விழுந்தது. இன்றைய 15 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் 90,000 ரூபாய்.

எனவே, 1 லட்ச ரூபாய்ப் பெட்டிக்கு ஃப்யூச்சர்ஸ் பொருந்தாது. திறமையைப் பற்றிய பேச்சே இல்லை, வகுத்தல் கணக்கு. இதை மீறித்தான் பலர் பிளெட்ஜ் பக்கம் போகிறார்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வு சொன்னது. சராசரி நஷ்டம் ஏறக்குறைய 2 லட்ச ரூபாய். பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பவர்களில் 2022-23-ல் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாகவும் செபியின் இன்னொரு ஆய்வு சொல்கிறது. டிரேடிங் பெட்டி சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

முதலீட்டுப் பெட்டிக்கு வேறு எல்லை

இங்கே ஸ்டாப்லாஸ் கிடையாது. அதற்காக எல்லையே இல்லை என்று பொருளல்ல. மேலே பார்த்தபடி, 38 சதவிகித வீழ்ச்சியில் இந்தக் குடும்பத்தின் 9 லட்சத்தில் 2 லட்சத்துக்கு மேல் காகிதத்தில் குறைந்திருக்கும். டிரேடிங் பெட்டி முழுவதும் காலியானாலும் அதில் பாதிதான். ஆகவே, பெரிய ரிஸ்க் முதலீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. அதை விற்றுக் கட்டுப்படுத்துவதில்லை, பிரித்து வைத்துக் கட்டுப்படுத்துகிறோம்.

இரண்டு விதிகள் போதும். ஈக்விட்டி 60 சதவிகிதம் என்று வைத்தால், 50-க்குக் கீழே போனால் வாங்கி, 70-க்கு மேலே போனால் விற்று, 60-க்குத் திரும்புவது. அடுத்தது, எந்தத் தனிப் பங்கும் ஈக்விட்டியில் 10 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்ப்பது. இண்டெக்ஸ் மீண்டு வரும் என்று பொறுக்கலாம், ஒரு தனி நிறுவனம் மீளாமலே போகலாம்.

கூடவே ஒரு காலக்கெடுவும் உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் நான்கைந்து வருடம் இருக்கிறது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, அந்தத் தொகையை ஈக்விட்டியிலிருந்து டெபாசிட்டுக்கு நகர்த்திவிட வேண்டும். கட்டணம் கட்டும் வருடத்தில் 2020 மார்ச் போல ஒன்று வந்தால், நவம்பர் வரை காத்திருக்கக் கல்லூரி விடாது.

நடுவில் உள்ள கதவு

மனதுக்குள் பிரித்து வைப்பது போதாது. கணவரும் மனதுக்குள் பிரித்துத்தான் வைத்திருந்தார். கணக்கையே பிரிக்க வேண்டும். ஒரே பான் எண்ணில் வேறு வேறு புரோக்கர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட டீமேட் கணக்கு வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. ஒன்று முதலீட்டுக்கு, ஒன்று டிரேடிங்குக்கு. முதலீட்டுக் கணக்கில் எஃப் அண்ட் ஓ பிரிவைத் திறக்கவே வேண்டாம். திறந்திருந்தால் மூடிவிடலாம். பிளெட்ஜ் கோரிக்கை எதற்கும் ஓடிபி போடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

இரண்டு கணக்கு வைக்க வரி சம்பந்தமான காரணமும் உண்டு. பலருக்கு இது ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுதான் தெரியவரும். ஒரே டீமேட் கணக்கில் ஒரே பங்கை வெவ்வேறு தேதிகளில் வாங்கியிருந்தால், விற்கும்போது முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாக வருமான வரிக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பங்கை 300 ரூபாய்க்கு 100 எண்ணிக்கை வாங்கி, நீண்டகாலத்துக்கு வைத்திருக்கிறீர்கள். இப்போது அதே பங்கை 700-க்கு 50 வாங்கி, இரண்டு வாரத்தில் 720-க்கு விற்கிறீர்கள். உங்கள் மனக்கணக்கில் லாபம் 1,000 ரூபாய். வரிக் கணக்கிலோ, நீங்கள் விற்றது 300 ரூபாய்க்கு வாங்கிய பழைய பங்குகள். லாபம் 21,000 ரூபாய். மீதமிருக்கும் 100-ல் 50 பங்குகள் இரண்டு வாரத்துக்கு முன் வாங்கியவையாக மாறிவிடும். அவை நீண்டகாலச் சொத்தாக மறுபடி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு டீமேட் கணக்குவாரியாகத்தான் பார்க்கப்படுகிறது. இரண்டு டீமேட் இருந்தால் பழைய பங்கு பழைய பங்காகவே இருக்கும்.

கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்க வேண்டும். டிரேடிங்கில் லாபம் வந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் பாதியை முதலீட்டுப் பெட்டிக்கு மாற்றலாம். எதிர்த்திசையில் ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. டிரேடிங் பெட்டி குறைந்தால் குறைந்ததுதான். 80,000 ஆன பிறகு, ஒரு டிரேடுக்கான எல்லையும் 800 ரூபாய்தான்.

உங்கள் வீட்டில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். டிரேடிங் கணக்கின் ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பணம் உள்ளே வந்த தேதிகளைப் பாருங்கள். பெரிய நஷ்டம் வந்த அடுத்த சில நாள்களில் பணம் வந்திருந்தால், கதவு திறந்திருக்கிறது. டீமேட் ஹோல்டிங்கில் 'பிளெட்ஜ்' என்று ஏதாவது இருந்தால், கதவே இல்லை. டிரேடிங் கணக்கில், வாங்கும்போது சில நாளில் விற்க நினைத்து, இன்றும் சிவப்பு நிறத்தில் கிடக்கும் பங்குகள் இருந்தால், அவை பெயர் மாறிய நஷ்டங்கள்.

அந்த வீட்டில் பிறகு நடந்தது

ஈரோட்டுக் குடும்பத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்போம். அடுத்த வருட போனஸில் மறுபடி 1 லட்சம். இந்த முறை தனி டீமேட், மூன்று எல்லைகளும் ஒரு தாளில். தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதலீட்டுக் கணக்கின் ஓடிபி மனைவியின் போனுக்கு வருகிறது.

ஏழாவது மாதத்தில் டிரேடிங் கணக்கு 80,000-க்கு வந்துவிட்டது. கணவர் அன்று சாயங்காலம் கொஞ்சம் தயங்கித்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஒரு இருபதாயிரம் மட்டும் அதுலேர்ந்து எடுத்துப் போட்டா, சரியா இருக்கும்னு தோணுதும்மா."

"அது எந்தப் பெட்டிக் காசுங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் அன்றைய தேதியை எழுதி, அதற்குப் பக்கத்தில் ஆறு மாதம் கழித்து வரும் தேதியையும் எழுதினார். மகளின் இடிஎஃப் யூனிட்டுகள் அன்றைக்கும் அதே எண்ணிக்கையில் இருந்தன.